“கலியாணத்துக்குப் பிறகு நீங்க மாறிட்டீங்க”

வாசகர் கடிதம்:

எனக்கு வயது 33. சொந்த ஊர் திருக்கோவில் பக்கம். கலியாண எழுத்து முடிந்து 9 மாதம் கழித்துத் தாலி கட்டினோம். அது நடந்து இப்போது 1 வருடமும் 8 மாதமும் ஆகிறது. எங்கள் பகுதி வழக்கப்படி மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். மட்டக்களப்பு நகரத்துக்குத் தெற்கே. அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. மாமாவும் மாமியும் பின் அறையில் இருக்கிறார்கள். கல்முனையில் வேலை. காலையில் 7 மணிக்குப் போனால் திரும்பி வர இரவு 7 மணி. சனிக்கிழமைகளில் ஊருக்குப் போவேன், தங்கச்சிக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்குக் கடனும் எடுத்திருக்கிறேன். கடன் எடுத்தது மனைவிக்குத் தெரியும், தொகை சொல்லவில்லை.

கொஞ்ச நாளாக அவள் “கலியாணத்துக்குப் பிறகு நீங்க மாறிட்டீங்க” என்கிறாள். நான் குடிப்பதில்லை. வீட்டுச் செலவுக்குக் குறை வைத்ததில்லை. மாமா, மாமியை என் பெற்றோர் போலப் பார்க்கிறேன். இதைச் சொன்னால் அழுகிறாள். போன கிழமை “மாமாங்கத் தீர்த்தத்துக்குக்கூடக் கூட்டிப் போகல்ல” என்றாள். போன வருசம் போனோமே என்றேன். அதிலிருந்து பெரிய சண்டை. நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டு, இரவு 11 மணிக்குத்தான் வந்தேன். அடுத்த நாள் மாமி “என்ன மருமகன் பிரச்சினை?” என்று கேட்டா. வெட்கமாகிவிட்டது. என் தங்கச்சிக்குச் செய்ய எனக்கு உரிமை இல்லையா? நான் மாறவில்லை என்று இவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

— பெயர் வேண்டாம், மட்டக்களப்பு

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை வாசிக்கும்போது மனைவி பேசிய வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். இரண்டே வரிதான் இருந்தன. மற்றதெல்லாம் அந்த இரண்டு வரிகளுக்கு நீங்கள் சொன்ன பதில்கள். அவர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை. நீங்கள் மறைத்ததாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கே அது இன்னும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அங்கிருந்து தொடங்குவோம்.

“மாறிட்டீங்க” என்பது கேட்டவுடன் குற்றச்சாட்டுப் போலத்தான் காதில் விழும். அதனால்தான் நீங்கள் குடிப்பதில்லை, செலவுக்குக் குறை வைப்பதில்லை என்று கணக்குக் காட்டினீர்கள். ஆனால் நீங்கள் குடிக்கிறீர்கள் என்று அவர் சொல்லவில்லை. காசு தருவதில்லை என்றும் சொல்லவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு நீங்கள் சரியான விடை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த விடைகள் எல்லாம் உண்மையாக இருப்பதுதான் சிக்கலே. அவற்றை மறுத்துப் பேச அவருக்கு எதுவும் இல்லை. தான் சொல்ல வந்ததைச் சொல்லவும் இடம் இல்லை. அந்த இடத்தில் அழுகை வருகிறது.

என்னிடம் வருகிற தம்பதிகளில் இந்த வார்த்தையைச் சொன்னவரிடம் நிதானமாகக் கேட்டால், பெரும்பாலும் கெட்டுப்போன ஒன்றைப் பற்றிச் சொல்வதில்லை. முன்பு இருந்து இப்போது காணாமல் போன ஏதோ ஒன்றைப் பற்றித்தான் சொல்வார்கள். அது சின்னதாக இருக்கும். வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும் என்ற கூச்சம் இருக்கும். அதனால் அதை நேரே சொல்லாமல், “மாறிட்டீங்க” என்ற பெரிய வார்த்தைக்குள் போட்டுத் தருவார்கள்.

அவருக்கு எதுவுமே மாறவில்லை, உங்களைத் தவிர

நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் கலியாணத்தில் ஒரு விசயம் இருக்கிறது. வேறு பல இடங்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். இங்கே ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான். தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கத்திலும் இதுதான் வழக்கம். இதை நாங்கள் வழக்கம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இரண்டு பேருடைய மனதிலும் அது என்ன செய்கிறது என்று யோசிப்பதில்லை.

உங்கள் மனைவியின் பக்கம் நின்று பாருங்கள். அதே வீடு, அதே குசினி, அதே கிணற்றடி, அதே அப்பா அம்மா. கலியாணத்தோடு அவருடைய வாழ்க்கைக்குள் புதிதாக வந்தது ஒன்றே ஒன்றுதான், அது நீங்கள். அதனால் அவருடைய கண் முழுக்க உங்கள் மேல் இருக்கிறது. உங்கள் முகம் கொஞ்சம் வாடினாலும், ஒரு நாள் கதை குறைந்தாலும் அவருக்கு அது பெரிதாகத் தெரியும்.

இப்போது உங்கள் பக்கம். உங்களுக்கு எல்லாமே மாறிவிட்டது. படுக்கிற அறை, சாப்பாட்டின் உறைப்பு, வேலைக்குப் போகும் பாதை, காலையில் முதலில் கேட்கிற குரல், எல்லாம் புதிது. சொந்த வீட்டில் சத்தமாகச் சிரிக்கிற ஒருவர், பின் அறையில் மாமா படுத்திருக்கிறார் என்று குரலைக் குறைத்துக் கதைக்கத் தொடங்குவார். கொஞ்சக் காலத்தில் கதைப்பதையே குறைத்துவிடுவார். சுற்றி இவ்வளவு மாறியிருக்கும்போது, தனக்குள் நடந்த மாற்றம் மட்டும் ஒருவருக்குக் கண்ணில் படாது. நீங்கள் “நான் மாறவில்லை” என்று சொல்வது பொய் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

இதோடு எழுத்துக்கும் தாலிக்கும் இடையில் இருந்த அந்த 9 மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நம் பிள்ளைகள் அந்த நாட்களை எப்படிக் கழிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இரவு தொலைபேசியில் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். அன்றைக்கு என்ன சாப்பிட்டது, மேலதிகாரி என்ன சொன்னார், பஸ்ஸில் யார் பக்கத்தில் இருந்தது, எல்லாம் கதையாகும். தாலி கட்டிய அடுத்த நாள் அந்த அழைப்பு நின்றுவிடும். ஒரே வீட்டில் இருக்கும்போது எதற்கு அழைப்பது? ஆனால் அழைப்பு நின்றபோது அதற்குள் இருந்த கதையும் சேர்ந்து நின்றுவிட்டது. நிறைய வீடுகளில் அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பதிலாக வேறு எதுவும் வருவதில்லை. உங்கள் வீட்டில் எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தீர்த்தத்தில் தொடங்கிய சண்டை எங்கே பிசகியது

மாமாங்கத் தீர்த்தம் ஆடி அமாவாசையில் வருகிறது. போன வருசம் போனீர்கள், இந்த வருசம் போகவில்லை. அவர் சொன்னது இந்த வருசத்தை. நீங்கள் பதில் சொன்னது போன வருசத்தைப் பற்றி. இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் எது உண்மை என்று வழக்காடத் தொடங்கினீர்கள். ஒரு ஆள் எதிர்த்து வாதாடத் தொடங்கினால் மற்றவர் சாட்சி தேட வேண்டி வரும். அவர் பழைய நாட்களில் இருந்து ஒன்றை எடுப்பார், நீங்கள் அதன் திகதியைப் பிழை பிடிப்பீர்கள், அவர் இன்னொன்றை எடுப்பார். அரை மணித்தியாலம் போனால், எதில் தொடங்கியது என்று இருவருக்கும் நினைவிருக்காது.

தீர்த்தம் அவர் தந்த ஒரு உதாரணம் மட்டும்தான். அந்த உதாரணத்தை உடைத்துவிட்டால் அவருடைய மனக்குறை தீர்ந்துவிடும் என்று நீங்கள் நினைத்தீர்கள். நன்றாக வாதாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் வீட்டில் செய்கிற பிழை அது.

பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்தீர்கள். அதற்காக நான் உங்களைக் கடிந்துகொள்ளப் போவதில்லை. அந்த நேரம் உங்கள் நெஞ்சு எப்படி அடித்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் பல வருடங்களாகத் தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் இருத்தி, அவர்கள் முரண்படும் விசயத்தைக் கதைக்க விட்டு, இதயத் துடிப்பையும் சேர்த்துப் பதிவு செய்தவர். துடிப்பு நிமிடத்துக்கு 100க்கு மேல் ஏறிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது சரியாக உள்ளே இறங்காது என்று அவர் கண்டார். உடம்பு ஆபத்து வந்ததாக எடுத்துக்கொள்கிறது. எதிர்த்துப் பாய வேண்டும் அல்லது ஓட வேண்டும் என்று மட்டும்தான் அப்போது தோன்றும். அடங்குவதற்குக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும்.

ஆகவே விலகிப் போனது பிழையில்லை, சொல்லாமல் போனதுதான் பிழை. அவருக்கு உங்கள் இதயத் துடிப்பு தெரியாது. கேற் திறந்த சத்தமும் மோட்டார் சைக்கிள் தூரப் போகிற சத்தமும்தான் தெரியும். இருட்டில் 11 மணி வரை, எங்கே போனார், எதிலாவது அடிபட்டாரா என்று காத்திருந்திருப்பார். மாறிவிட்டார் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அந்த இரவு வேறென்ன சொல்லியிருக்கும்? அடுத்த முறை “எனக்கு இப்ப தலை சூடாகிட்டு. அரை மணித்தியாலத்தில வாறன், வந்து கதைப்பம்” என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள். போன இடத்தில் அவருக்கு என்ன திருப்பிச் சொல்லலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்காதீர்கள், அப்படிச் செய்தால் துடிப்பு இறங்கவே இறங்காது. கொஞ்சம் நடங்கள், ஒரு தேத்தண்ணி குடியுங்கள், வேறு எதையாவது பாருங்கள்.

கேட்பதற்கு ஒரு நாளை எடுங்கள்

இரவு 7 மணிக்குப் பஸ்ஸால் இறங்கி, பசியோடு வந்து, பின் அறையில் பெரியவர்கள் இருக்கும்போது இதைக் கதைக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் வெளியே போங்கள். கல்லடிக் கடற்கரையோ வாவிக் கரையோ, எங்கேயும் சரி. முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைப்பது இருவருக்கும் லேசாக இருக்கும். தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

தொடங்க வேண்டியவர் நீங்கள். போன தடவை கேட்காமல் விட்டவர் நீங்கள்தானே. என் அனுபவத்தில் அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும். மனைவியின் வரிகள் நான் கற்பனை செய்து எழுதியவை, உங்கள் மனைவி முற்றிலும் வேறு ஒன்றைச் சொல்லலாம்.

நீங்கள்: “அண்டைக்கு நான் மாறிட்டன் எண்டு சொன்னாய். நான் பதில் சொன்னன், ஆனா நீ சொல்ல வந்ததக் கேக்கல்ல. இப்ப கேக்கிறன். எப்ப இருந்து உனக்கு அப்பிடித் தெரியுது?”

அவர்: “ஒண்டுமில்ல, விடுங்க.”

இந்த இடத்தில் பெரும்பாலான ஆண்கள் சந்தோசமாக விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள், அழுத்தவும் வேண்டாம். “சரி, நீ சொல்லும் வரைக்கும் இருக்கன்” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த அமைதி ஒரு நிமிடம் நீண்டாலும் ஒன்றும் ஆகாது. முன்பு பேசியபோது பதிலடி வந்திருக்கிறது, ஆகவே இந்த முறையும் வருமா என்று அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர்: “எழுத்து முடிஞ்ச காலத்தில ஒவ்வொரு இரவும் எடுப்பீங்க. வேலையில ஆர் என்ன சொன்னது எண்டுகூடச் சொல்லுவீங்க. இப்ப வாறீங்க, குளிக்கிறீங்க, சாப்பிடுறீங்க, போனப் பாத்துக்கிட்டே படுக்கிறீங்க.”

“காலையில 7 மணிக்குப் போய் வாற மனுசனுக்குக் களைப்பு இருக்காதா?” என்று உங்களுக்கு நாக்கு நுனியில் வந்து நிற்கும். அது உண்மை. அதற்கு வேறு நேரம் இருக்கிறது. இப்போது அவர் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள்.

நீங்கள்: “நாள் எப்பிடிப் போச்சு எண்டு நான் சொல்லுறதே இல்ல. பக்கத்தில நான் இருந்தும் நீ தனிய இருக்கிற மாதிரி. அப்பிடியா?”

அவர்: “தனிய எண்டு இல்ல. பயமா இருக்கு. என்னமோ மறைக்கிறீங்க எண்டு. ஊருக்குப் போய் வந்தா ரெண்டு நாளைக்கு உங்கட முகம் சரியில்ல. நான் என்ன பிழை விட்டன் எண்டு யோசிச்சிக்கிட்டே இருப்பன்.”

நீங்கள் திருப்பிச் சொன்னது பிழையாகப் போனதைக் கவனியுங்கள். தனிமை என்றீர்கள், அவர் பயம் என்று திருத்தினார். பிழையாகச் சொன்னதால் நட்டம் எதுவும் இல்லை, திருத்துவதற்கு இடம் கிடைத்ததால்தான் உண்மையான சொல் வெளியே வந்தது. எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையாட்டியிருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது. கார்ல் றோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1950களிலேயே இந்த முறையைப் பற்றி எழுதினார். இன்றும் உளவளத்துணைப் பயிற்சியில் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு வரியையும் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும். நாலைந்து வரி கேட்டு, அதன் சாரத்தை ஒரு முறை சொன்னால் போதும்.

அவர் சொல்லி முடித்துவிட்டாரா என்று எப்படித் தெரியும்? மனக்குறை கேட்கப்படாத ஆள் சொன்னதையே திரும்பச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் உயரும். கேட்கப்பட்டவருக்குக் குரல் தாழும், முன்பு சொல்லாத புதிய ஒன்று வரும், சில நேரம் “நானும்தான் அண்டைக்குச் சத்தம் போட்டன்” என்று தானாகவே சொல்வார். அதுவரை உங்கள் பக்கத்தைத் தொடங்காதீர்கள்.

இடையில் கால் தடக்குகிற இடங்களும் உண்டு. “ஆனா” என்று தொடங்கும் எந்த வசனமும் அதற்கு முன் கேட்டதை அழித்துவிடும். “நீ மட்டும் மாறல்லையா?” என்று திருப்பிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. மூன்றாவது, நல்ல மனிதர்கள் செய்கிற பிழை: “சரி சரி, என்னில பிழை, மன்னிச்சுக்க” என்று அவசரமாக மன்னிப்புக் கேட்டுவிடுவது. எதற்கு என்று தெரியாமல் கேட்கிற மன்னிப்பு, வாயை மூடு என்று சொல்வது போலத்தான் போய்ச் சேரும். அவர் சொன்னதில் உண்மையான ஒரு சின்னத் துண்டை எடுத்து, அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். “ஓம், ஊருக்குப் போய் வந்தா என்ர முகம் சரியில்லத்தான்.” அவ்வளவு போதும்.

கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. ஒருவர் எப்படி உணர்ந்தார் என்பதைக் கேட்டறிவது வேறு, அவர் சொன்ன முடிவை ஏற்றுக்கொள்வது வேறு. அவர் பயந்தார் என்பதை நீங்கள் நம்பலாம். அவரைப் பயமுறுத்த நீங்கள் எதையும் செய்யவில்லை என்பதும் அப்படியே உண்மையாக இருக்கலாம்.

தங்கச்சியின் வீடு

கடிதத்தில் நீங்கள் வேகமாகக் கடந்து போன வரி இதுதான், எனக்கு மனம் நின்ற இடமும் இதுதான். நம் பகுதியில் தங்கச்சிக்கு வீடு இல்லாமல் கலியாணம் பேச முடியாது. அண்ணன்மார் தங்கள் இளமையை அந்தச் செங்கல்லில்தான் வைக்கிறார்கள். நீங்கள் இருக்கிற வீட்டையும் உங்கள் மாமா அப்படித்தான் கட்டியிருப்பார். ஆகவே அந்தக் கடமை எவ்வளவு பாரம் என்று உங்கள் மனைவிக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

உரிமை இருக்கிறதா என்று கேட்டீர்கள். உழைத்த காசில் தங்கச்சிக்குச் செய்வதற்குச் சட்டத்தில் தடை இல்லை, மனைவியைப் பராமரிக்கிற கடமையில் குறை வராதவரைக்கும். ஆனால் உங்கள் மனைவி அந்த உரிமையைக் கேள்வி கேட்டதாக நீங்கள் எழுதவே இல்லை. “மாறிட்டீங்க” என்றவுடன் “தங்கச்சிக்குச் செய்யாதே” என்று நீங்களாக வாசித்திருக்கிறீர்கள். நெஞ்சில் எது பாரமாக இருக்கிறதோ, அதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பதாகத் தோன்றும்.

தொகையை ஏன் சொல்லவில்லை? சொன்னால் சண்டை வரும் என்று நினைத்திருப்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 6 இலட்சம் ரூபாயை 15 வீத வருட வட்டிக்கு, 4 வருடத்தில் கட்டி முடிக்க எடுத்தால், மாதம் 16,700 ரூபாய் அளவில் போகும். சீமெந்து விலை ஏறினால், மேசன் கூலிக்குக் கைக்காசு கேட்டால், அதற்கு மேலும் போகும். உங்கள் தொகை கூடக் குறைய இருக்கலாம். ஆனால் சம்பளத்தில் இருந்து மாதம் இவ்வளவு தனியே போகிற வீட்டில் அது வெளியே தெரியாமல் இருக்காது. தீர்த்தத்துக்குப் போகும்போது வாங்கலாம் என்ற சீலை வாங்காமல் விடுவதில் தெரியும். சனிக்கிழமை இரவு உங்கள் முகத்தில் தெரியும். காரணம் தெரியாதவர் தானாக ஒரு காரணத்தை வைத்துக்கொள்வார், அது பெரும்பாலும் உண்மையைவிட மோசமாக இருக்கும்.

கடன் தொகையைச் சொல்வதால் வரக்கூடிய கெடுதலையும் சொல்லிவிடுகிறேன். “இவ்வளவா? ஏன் என்னட்டக் கேக்கல்ல?” என்று அவர் கோபப்படலாம். அந்தக் கோபம் நியாயமானது, அதையும் கேட்க வேண்டி வரும். மாமி காதுக்குப் போகலாம். இதையெல்லாம் பார்த்தாலும் சொல்வதுதான் சரி என்பது என் முடிவு. நீங்கள் சொல்லாமல், உங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாயால் அவருக்குத் தெரிய வந்தால், அப்போது கோபம் கடனைப் பற்றியதாக இருக்காது.

ஆனால் கேட்கப் போன அதே பின்னேரத்தில் இதைச் சொல்லாதீர்கள். அவர் மனதைத் திறந்த உடனே நீங்கள் உங்கள் பாரத்தை எடுத்து வைத்தால், தன் கதையைவிட உங்கள் கதை பெரிது என்று சொன்னது போலாகும். ஒரு நாள், இரண்டு நாள் போகட்டும். பிறகு கடன் புத்தகத்தையும், வீட்டு வேலைக்கு இதுவரை போன செலவு எழுதிய கொப்பியையும் எடுத்து அவர் பக்கத்தில் வையுங்கள். எவ்வளவு எடுத்தது, மாதம் எவ்வளவு போகிறது, எப்போது முடியும், கூரை போட இன்னும் எவ்வளவு வேண்டும், இந்த நாலையும் சொல்லுங்கள். முடியுமானால் அடுத்த சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுகிற வீட்டைக் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்பதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.

அதற்குப் பிறகு உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். பெண் வீட்டில் இருக்கும்போது குரலைக் குறைக்க வேண்டியிருக்கிறது, இது இன்னும் உங்கள் வீடு போல இல்லை, அம்மாவை நினைத்தால் மனம் கனக்கிறது, எது இருந்தாலும். அவரும் நீங்கள் கேட்டது போலக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். குற்றம் சொல்லாமல், நடந்ததையும் அதனால் உங்களுக்கு ஆனதையும் சொன்னால் அவருக்குக் கேட்க லேசாக இருக்கும்.

மாமி கேட்டதற்கு

உங்கள் வெட்கம் எனக்கு விளங்குகிறது. மாமி கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டா, ஒரே கூரைக்குக் கீழ் சத்தம் கேட்டால் யாரும் கேட்பார்கள். “எங்களுக்குள்ள ஒரு கதை மாமி, நாங்க கதைச்சுச் சரிப்படுத்துறம்” என்று மரியாதையாகச் சொல்லி நிறுத்துங்கள். மகள் செய்தது சரியா பிழையா என்று அவரிடம் தீர்ப்புக் கேட்க வேண்டாம். அவர் மகள் பக்கம் பேசினால் நீங்கள் தனித்துப்போவீர்கள், உங்கள் பக்கம் பேசினால் உங்கள் மனைவி தன் சொந்த வீட்டிலேயே தனித்துப்போவார்.

பேச்சு மட்டும் போதாத இடங்கள்

நான் இதுவரை சொன்னதெல்லாம், இருவரும் ஒருவருக்கொருவர் பயப்படாமல் பேச முடிகிற வீட்டுக்கு. உங்களில் யாராவது கை நீட்டியிருந்தால், மிரட்டியிருந்தால், வெளியே போவதையோ காசையோ தடுத்துவைத்திருந்தால், இந்த முறை பொருந்தாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

இன்னொன்று, இது உங்கள் இருவருக்கும். உங்களுக்கோ அவருக்கோ இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை குழம்பி, சாப்பாட்டில் மனமில்லாமல், முன்பு பிடித்த எதிலும் விருப்பமில்லாமல் இருந்தால், “மாறிட்டீங்க” என்று தெரிவது மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதைக் கேட்டு மட்டும் தீர்க்க முடியாது, வைத்தியரிடம் காட்ட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழில் கதைக்கலாம். உயிரை விடுகிற எண்ணம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இருவரும் கதைக்க முயன்று திரும்பத் திரும்பச் சண்டையில் முடிந்தால், உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. பலர் அங்கே போனால் பிரிந்து போகத்தான் சொல்வார்கள், அல்லது ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பிரியச் சொல்வது எங்கள் வேலை இல்லை, கேட்டதை வெளியே சொல்லவும் மாட்டோம். ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று கூச்சமாக இருந்தால், வேறு ஒரு இடத்தில் உள்ளவரிடம் போகலாம்.

கடைசியாக ஒன்று, தம்பி. நீங்கள் முதல் தடவை கடற்கரையில் இருந்து கேட்கும்போது அவர் முழுதும் சொல்லமாட்டார். “இண்டைக்கு மட்டும் கேக்கிறார்” என்று நினைப்பார். வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ ஒரு சின்ன விசயத்தில் உங்களைச் சீண்டியும் பார்க்கலாம். அப்போது “நான் இவ்வளவு கேட்டும் இப்படியா?” என்று முகத்தைத் திருப்பிவிடாதீர்கள். தினமும் இரவு சாப்பிட்டு முடிந்ததும் தொலைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, முன்றலில் இருந்து ஒரு கால் மணித்தியாலம் கதையுங்கள். பஸ்ஸில் என்ன நடந்தது, மேலதிகாரி என்ன சொன்னார், தங்கச்சி வீட்டில் சுவர் எவ்வளவு எழும்பியது. பின் அறையில் மாமாவுக்குக் கேட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்